ஏ.டி.எம்.மில் வராத 10,000: வங்கியைக் குறிப்பிட்டுப் பொதுவில் எழுதப் போகிறேன், இந்தப் பதிவு சரியா பாருங்கள்

பழனிமலை_செல்வி
வணக்கம். மார்ச் 3ஆம் தேதி அப்பா பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கும் ஏ.டி.எம்.மில் 10,000 எடுக்கப் போனார். இயந்திரம் கொஞ்ச நேரம் உறுமியது, பணம் வரவில்லை. கணக்கில் கழிந்ததாகக் குறுஞ்செய்தி மட்டும் வந்தது. அட்டை அவருடைய பென்ஷன் கணக்கு இருக்கும் வங்கியுடையது, ஏ.டி.எம். வேறு வங்கியுடையது. மறுநாளே எங்கள் கிளையில் எழுதிக் கொடுத்துப் புகார் எண் வாங்கிவிட்டோம். மார்ச் 19இல் ‘பணம் தரப்பட்டது’ என்று ஒரு வரி அனுப்பிப் புகாரை மூடிவிட்டார்கள். எதை வைத்துச் சொல்கிறீர்கள் என்று மின்னஞ்சலில் கேட்டோம். அதற்குப் பதிலே இல்லை. இன்று ஏப்ரல் 5.

எக்ஸ் தளத்தில் போடலாம் என்று எழுதி வைத்திருப்பது இதுதான்:

“கொள்ளைக்கார வங்கிகளே! ஒரு முதியவரின் பென்ஷன் பணத்தை விழுங்கிவிட்டு ஒரு மாதமாக அலைய விடுகிறீர்கள். மேலாளர் திமிராகப் பேசுகிறார். உங்களுக்கு மனசாட்சி இல்லையா? எல்லோரும் பகிருங்கள்.”

கீழே இரண்டு வங்கிகளின் பெயர், மேலாளர் பெயர், குறுஞ்செய்தியின் படம். போடலாமா?

சேலத்துச்_சிங்கம்
கண்டிப்பாகப் போடுங்கள் சகோதரி. ரிசர்வ் வங்கியையும் சேர்த்துக் குறிப்பிடுங்கள், மறுநாளே பணம் வந்துவிடும். அதோடு பணம் போன நாளிலிருந்து நாளுக்கு 100 ரூபாய் தர வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. அதையும் கேளுங்கள். ஆனால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போக 30 நாள் முடிந்திருக்க வேண்டும்.

நடுநிசி_வாசகி
செல்வி, மேலாளர் பெயரை உடனே எடுத்துவிடுங்கள். ‘கொள்ளைக்கார’ என்பதையும்தான். அவதூறு வழக்கு இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவின் 356ஆம் பிரிவில் வருகிறது, 2024 ஜூலை 1 முதல். பொதுநலனுக்காகச் சொன்ன உண்மைக்கு அதில் விலக்கு உண்டு. ஆனால் ‘கொள்ளை’ என்பதை எப்படி உண்மை என்று நிரூபிப்பீர்கள்? ‘மார்ச் 3இல் கழிந்தது, பணம் வரவில்லை, மார்ச் 19இல் புகாரை மூடினார்கள்’ என்பதற்கு உங்களிடம் காகிதம் இருக்கிறது. காகிதம் உள்ளதை மட்டும் எழுதினால் உங்களைத் தொடுவது கஷ்டம்.

கோவை_ரகு
எனக்கும் இதே பிரச்சினைதாங்க. போன மாதம் யு.பி.ஐ.யில் ஒரு எண் மாற்றிப் போட்டு 4,000 வேறு யாருக்கோ போய்விட்டது. வங்கி கையை விரிக்கிறது. எனக்கும் அந்த நாளுக்கு 100 ரூபாய் கிடைக்குமா? நானும் இப்படி ஒரு பதிவு போடட்டுமா?

பழைய_லெட்ஜர்
செல்வி அம்மா, நான் வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவன். கடைசி சில வருடங்கள் ஏ.டி.எம். கணக்குச் சரிபார்க்கும் பிரிவில்தான் இருந்தேன். உங்கள் கோபம் நியாயம். ஆனால் அந்தப் பதிவைப் படிக்கிற வங்கி ஊழியருக்கு அதை வைத்துக்கொண்டு ஒன்றுமே செய்ய முடியாது. தேதி இல்லை, தொகை இல்லை, புகார் எண் இல்லை, நீங்கள் என்ன கேட்கிறீர்கள் என்பதும் இல்லை. சமூக ஊடகப் பிரிவில் இருப்பவர் “சிரமத்துக்கு வருந்துகிறோம், விவரங்களைத் தனிச்செய்தியில் அனுப்பவும்” என்று ஒட்டிவிட்டு அடுத்ததற்குப் போய்விடுவார்.

முதலில் ஒரு கேள்வி. பணம் வரவில்லை என்றதும் அப்பா உடனே வெளியே வந்துவிட்டாரா, அங்கேயே நின்றாரா? கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. சில சமயம் பணம் தாமதமாக வெளியே வரும், அடுத்து நிற்பவர் எடுத்துக்கொண்டு போய்விடுவார். அப்படி நடந்திருந்தால் இயந்திரத்தின் பதிவில் ‘தரப்பட்டது’ என்றுதான் இருக்கும். வங்கி சொல்வது பொய்யாக இருக்காது, உங்கள் நிலைமையும் வேறு.

பழனிமலை_செல்வி
நின்றார் சார். திரையில் ‘தற்காலிகமாகச் சேவை இல்லை’ என்று வந்திருக்கிறது. அதற்கப்புறம் பின்னால் நின்றவரும் அட்டையைப் போட்டுப் பார்த்திருக்கிறார், எடுத்துக்கொள்ளவே இல்லை. அப்பா அதுவரைக்கும் உள்ளேதான் இருந்திருக்கிறார். காவலாளி வந்து கதவில் பலகை மாட்டியதையும் பார்த்திருக்கிறார்.

பழைய_லெட்ஜர்
அப்படியானால் உங்கள் பக்கம் வலுவானது. இது பதிவில் வர வேண்டாம், ஆனால் எழுத்துப் புகாரில் கட்டாயம் வர வேண்டும். ஏன் என்று சொல்கிறேன்.

ஒவ்வொரு ஏ.டி.எம்.மும் தான் செய்கிற ஒவ்வொன்றையும் எழுதி வைக்கும். ஜர்னல் என்போம், இ.ஜே. லாக் என்றும் சொல்வார்கள். அட்டை உள்ளே போன நேரம், கேட்ட தொகை, எந்தப் பெட்டியிலிருந்து எத்தனை நோட்டு எடுத்தது, வாயில் வரை கொண்டுவந்ததா, வாடிக்கையாளர் எடுத்தாரா, திரும்ப உள்ளே இழுத்ததா, நடுவில் என்ன கோளாறு என்று எல்லாம் வரிவரியாக இருக்கும். உங்கள் அப்பாவின் பரிவர்த்தனைக்குப் பிறகு இயந்திரம் நின்றுபோனது உண்மையானால், அந்தக் கோளாறும் அந்த நேரத்தோடு அதில் இருக்க வேண்டும்.

அதைவிட முக்கியமான சான்று ஒன்று உண்டு. பணம் நிரப்ப வரும் ஆட்கள் இயந்திரத்தைத் திறந்ததும் உள்ளே இருப்பதை எண்ணுவார்கள். 500 ரூபாய்த் தாளாக எடுத்திருந்தால் 20 தாள்கள் வெளியே போகாமல் உள்ளேயே சிக்கியிருக்கும், அல்லது இயந்திரம் ஒதுக்கும் தாள்கள் விழும் தொட்டியில் கிடக்கும். கணக்குப்படி இருக்க வேண்டியதைவிட 10,000 கூடுதலாக நிற்கும். அந்த நாளின் பண இருப்புக் கணக்கில் அது தெரிந்துவிடும். ‘பணம் தரப்பட்டது’ என்று மூடியவர்கள் ஜர்னலின் ஒரு வரியை மட்டும் பார்த்திருக்கலாம். இருப்பைப் பார்த்தார்களா என்பதுதான் நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி.

சிங்கம் தம்பி சொன்னதில் பாதி சரி. 2019 செப்டம்பர் 20இல் ரிசர்வ் வங்கி போட்ட சுற்றறிக்கை அது. கணக்கில் கழிந்து பணம் வரவில்லை என்றால் வங்கி தானாகவே 5 நாளுக்குள் திருப்பி வரவு வைக்க வேண்டும். அந்த 5 நாள் தாண்டிய பிறகுதான் நாளுக்கு 100 ரூபாய், பணம் போன நாளிலிருந்து கிடையாது. விடுமுறையும் சேர்த்துக் காலண்டர் நாள்தான் கணக்கு. மார்ச் 3க்கு மார்ச் 8 வரை அவகாசம், 9ஆம் தேதியிலிருந்து தாமதம். இழப்பீட்டை நீங்கள் கேட்காவிட்டாலும் வங்கியே வரவு வைக்க வேண்டும் என்றும் அதில் இருக்கிறது.

30 நாள் என்பதும் முழுதாகச் சரியில்லை. வங்கி பதிலே தராவிட்டால்தான் 30 நாள் காத்திருக்க வேண்டும். புகாரை நிராகரித்துப் பதில் தந்துவிட்டால் அப்போதே குறைதீர்ப்பாளரிடம் போகலாம். உங்களுக்கு மார்ச் 19இலேயே அந்தக் கதவு திறந்துவிட்டது.

ரகு, உங்களுடையது வேறு மாதிரி. உங்கள் பரிவர்த்தனை தோற்கவில்லை, நீங்கள் கொடுத்த எண்ணுக்கே ஒழுங்காகப் போய்விட்டது. அதற்கு இந்த இழப்பீடு பொருந்தாது. வங்கியில் தவறான பெறுநர் என்று புகார் எழுதிக் கொடுங்கள், அவர்கள் எதிர் வங்கி வழியாகக் கேட்பார்கள். பெற்றவர் சம்மதிக்காமல் எடுப்பது கஷ்டம். தனி இழை தொடங்குங்கள், அங்கே பேசலாம்.

துறைமுகம்
பதிவுக்கு வருவோம். எந்த வங்கியைக் குறிப்பிடுவது? ஏ.டி.எம். வைத்திருக்கும் வங்கிதானே தப்புச் செய்தது?

பழைய_லெட்ஜர்
அட்டை கொடுத்த வங்கியை மட்டும். வாடிக்கையாளருக்குப் பதில் சொல்ல வேண்டியது அதுதான். அது ஏ.டி.எம். வங்கியிடம் தனக்குள் கேட்டு வாங்கிக்கொள்ளும். இரண்டு பேரையும் குறிப்பிட்டால் ‘அவர்களைக் கேளுங்கள்’ என்று ஒருவரை ஒருவர் காட்ட வழி செய்து கொடுக்கிறீர்கள். இதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

நடுநிசி_வாசகி
குறுஞ்செய்தியின் படமும் வேண்டாம் செல்வி. அதில் கணக்கு எண்ணின் கடைசி இலக்கங்களும் மீதித் தொகையும் இருக்கும். மீதம் எவ்வளவு என்று ஊருக்கே தெரிந்தால் அப்பாவுக்குத்தான் ஆபத்து.

இன்னொன்று. பதிவு போட்ட சில நிமிடங்களில் வங்கியின் சின்னத்தோடு யாராவது வந்து “உங்கள் சிரமம் புரிகிறது, கைபேசி எண் தாருங்கள், அதிகாரி அழைப்பார்” என்பார்கள். என் சித்திக்கு அப்படித்தான் வந்தது. அந்தக் கணக்கைத் திறந்து பார்த்தால் பின்தொடர்பவர்கள் ஒன்றிரண்டு பேர், எல்லாப் பதிவும் மற்றவர்களின் புகாருக்குக் கீழே இட்ட அதே வாசகம். பெயரில் ஓர் அடிக்கோடு மட்டும் கூடுதல். அவர்கள் அனுப்பிய படிவத்தில் அட்டை எண்ணும் காலாவதித் தேதியும் கேட்டிருந்தார்கள். சித்தி நிரப்பவில்லை, தப்பினாள். வங்கியின் சொந்த இணையதளத்தில் இருக்கும் இணைப்பைத் தட்டி எந்தக் கணக்குக்குப் போகிறதோ அதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள். யாரும் திரையைப் பகிரச் சொன்னாலோ ஓ.டி.பி. கேட்டாலோ அங்கேயே நிறுத்திவிடுங்கள். பணம் போய்விட்டால் இணைய மோசடிப் புகார் எண்ணான 1930க்கு அழைக்க வேண்டும்.

பழனிமலை_செல்வி
புகார் எண் போடலாமா? அதை வைத்து ஏமாற்ற முடியுமா?

பழைய_லெட்ஜர்
முழு எண் தெரிந்தால் “உங்கள் புகார் எண் இன்னது, அது விஷயமாக அழைக்கிறேன்” என்று நம்ப வைக்க முடியும். கடைசி நான்கு இலக்கம் போதும். முழு எண்ணைச் சரியான கணக்குக்குத் தனிச்செய்தியில் கொடுங்கள்.

நான் எழுதினால் இப்படி எழுதுவேன்:

“என் அப்பாவின் கணக்கில் மார்ச் 3இல் ரூ.10,000 கழிந்தது, ஏ.டி.எம்.மில் பணம் வரவில்லை. மார்ச் 19இல் ‘பணம் தரப்பட்டது’ எனப் புகாரை மூடினீர்கள். சான்று கேட்டும் பதில் இல்லை. ஜர்னல் பதிவும் பண இருப்புக் கணக்கும் ஏப்ரல் 10க்குள் எழுத்தில் வேண்டும். புகார் எண் ...4471.”

கடைசியில் வங்கியின் கணக்குப் பெயர். எண்ணை உங்களுடையதாக மாற்றிக்கொள்ளுங்கள். ‘மூடினீர்கள்’ என்று நேராக வங்கியிடம் பேசுகிறது, கூடியிருப்பவர்களிடம் முறையிடவில்லை. பதில் சொல்ல வேண்டியவர் யார், எதற்கு, எப்போதைக்குள் என்பது மூன்றும் இருக்கிறது. மேலாளர் எப்படிப் பேசினார் என்பதை விட்டுவிட்டேன். அதில் நீங்கள் ஒன்று சொல்ல, அவர்கள் ஒன்று சொல்ல, 10,000 பேச்சிலிருந்தே காணாமல் போய்விடும்.

துறைமுகம்
நீளம் சரியாக வருமா என்று எண்ணிப் பார்த்தேன். எக்ஸ் தளத்தில் இலவசக் கணக்குக்கு 280தான். தமிழில் புள்ளியும் துணைக்காலும் கொம்பும் தனித்தனி எழுத்தாக எண்ணப்படும். ‘பணம்’ என்பது நமக்கு மூன்று எழுத்து, அதற்கு நான்கு. ‘வங்கி’ ஐந்து. சார் எழுதியது 261 வருகிறது, வங்கியின் கணக்குப் பெயர் 15 எழுத்து வரை இருந்தாலும் அடங்கிவிடும். ஒரு சொல் கூடச் சேர்க்க இடமில்லை, பார்த்துக்கொள்ளுங்கள்.

கணக்குப் பெயரைக் கடைசியில் வைத்ததும் சரி. பதிவு @ என்று தொடங்கினால் அது பதிலாகவே எடுத்துக்கொள்ளப்படும், உங்கள் பக்கத்தில் பதில்கள் பகுதிக்குள் ஒளிந்துவிடும்.

சேலத்துச்_சிங்கம்
எல்லாம் சரி சார், ஆனால் இதில் நாளுக்கு 100 ரூபாயே இல்லையே? வங்கிக்குப் பயம் வருவதே அதனால்தான். ‘2019 சுற்றறிக்கைப்படி இழப்பீடு தர வேண்டும்’ என்று போட்டால் இவர்களுக்கு விதி தெரியும் என்று புரிந்துகொள்வார்கள். இடம் இல்லையென்றால் கீழேயே இரண்டாவது பதிவாகப் போடலாம்.

பழைய_லெட்ஜர்
யோசித்துத்தான் விட்டேன் தம்பி. பணம் வந்ததா இல்லையா என்பதே இப்போது தகராறு. இழப்பீடு என்பது பரிவர்த்தனை தோற்றது என்று ஆன பிறகு வருவது. இரண்டையும் சேர்த்துக் கேட்டால் ‘பரிவர்த்தனை வெற்றி, ஆகவே இழப்பீடு பொருந்தாது’ என்று இழப்பீட்டுக்கு மட்டும் பதில் எழுதி மறுபடி மூடுவார்கள். சான்றைக் காட்டு என்று மட்டும் கேட்டால் அதற்குத்தான் பதில் சொல்லியாக வேண்டும்.

சேலத்துச்_சிங்கம்
எனக்கு இன்னும் ஒப்பவில்லை. முதலிலேயே கேட்காததை அப்புறம் கேட்டால் ‘புகாரில் இல்லையே’ என்பார்கள்.

பழைய_லெட்ஜர்
அது நியாயமான பயம். அதனால்தான் எழுத்துப் புகாரில் கட்டாயம் இருக்கட்டும் என்கிறேன். பதிவு வேறு, புகார் வேறு. பதிவைப் போட்டதே புகார் கொடுத்ததாக ஆகாது. செல்வி, மின்னஞ்சலில் இன்றே இன்னொரு கடிதம் அனுப்புங்கள். அப்பா அங்கேயே நின்றது, இயந்திரம் நின்றது, அடுத்தவர் அட்டையை எடுக்காதது, காவலாளி பலகை மாட்டியது எல்லாம் நேரத்தோடு இருக்கட்டும். கேமராப் பதிவை அழிக்காமல் வைக்கச் சொல்லிக் கேளுங்கள். அதை எப்போதைக்கும் வைத்திருக்க மாட்டார்கள், மேலே மேலே பதிந்துவிடும். சுற்றறிக்கைப்படி இழப்பீடும் கேளுங்கள். பதிவில் சொன்ன தேதியையே அதிலும் போடுங்கள். கடிதம் அப்பா பெயரில், அப்பா கையெழுத்தில் போகட்டும், உங்களோடு பேச அனுமதி தருகிறேன் என்று ஒரு வரியும் இருக்கட்டும். இல்லாவிட்டால் ‘கணக்கு வைத்திருப்பவரிடம் மட்டுமே பேசுவோம்’ என்று தனிச்செய்தியில் முடித்துவிடுவார்கள்.

நடுநிசி_வாசகி
ரிசர்வ் வங்கியைக் குறிப்பிடுவது பற்றிச் சார் ஒன்றும் சொல்லவில்லையே?

பழைய_லெட்ஜர்
குறிப்பிட்டால் கெடுதல் இல்லை, ஆனால் அதனால் அங்கே ஒரு கோப்பு திறக்காது. குறைதீர்ப்பாளரிடம் போக cms.rbi.org.in தளத்தில் அப்பா பெயரில் பதிய வேண்டும், கட்டணம் கிடையாது. அதற்குக் காலவரம்பு உண்டு, தள்ளிப் போடாதீர்கள். 14448 என்ற எண்ணில் விளக்கமும் கேட்கலாம். ஏப்ரல் 10 தாண்டினால் அடுத்த வேலை அதுதான், இன்னொரு பதிவு இல்லை.

பழனிமலை_செல்வி
அப்படியே போட்டுவிட்டேன். கடிதமும் போய்விட்டது. போட்ட கொஞ்ச நேரத்தில் வாசகி சொன்னதுபோலவே ஒரு கணக்கு வந்தது, ‘உதவி மையம்’ என்று. இணையதளத்தில் இருக்கும் பெயரோடு ஒப்பிட்டேன், வேறு. தடை செய்துவிட்டேன். உண்மையான கணக்கும் பதில் தந்தது, முழுப் புகார் எண்ணைத் தனிச்செய்தியில் கொடுத்திருக்கிறேன்.

பழனிமலை_செல்வி
ஏப்ரல் 9. இன்று காலை 10,000 வரவு வந்திருக்கிறது. ஜர்னலும் வரவில்லை, இருப்புக் கணக்கும் வரவில்லை. தனிச்செய்தியில் “தங்கள் புகார் தீர்க்கப்பட்டது, பதிவை நீக்கிவிடுமாறு கேட்டுக்கொள்கிறோம்” என்று மட்டும் இருக்கிறது. இழப்பீடு பற்றி ஒரு வார்த்தை இல்லை. நீக்கிவிடட்டுமா?

சேலத்துச்_சிங்கம்
நீக்காதீர்கள்! மார்ச் 9 முதல் இன்று வரை 32 நாள், 3,200 ரூபாய். அதையும் தரட்டும்.

துறைமுகம்
வரவு வைத்த நாளையும் தாமதமாக எண்ணலாமா? அதை விட்டால் 3,100 தானே?

பழைய_லெட்ஜர்
அந்த ஒரு நாளை வைத்து வங்கிக்கு வங்கி வேறு மாதிரி எண்ணுவதைப் பார்த்திருக்கிறேன். அதனால்தான் பதிவில் மொத்தத் தொகையைப் போடாதீர்கள் என்பேன். தவறான எண் ஒன்று போட்டுவிட்டால் பேச்சு அந்த எண்ணைப் பற்றி ஆகிவிடும்.

செல்வி, பாஸ்புக்கைப் பதிந்து அந்த வரவுக்கு எதிரே என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். ஏ.டி.எம். பரிவர்த்தனை திரும்பியது என்ற மாதிரி இருந்தால் பரிவர்த்தனை தோற்றது என்று அவர்களே ஒப்புக்கொண்டதாகும், இழப்பீட்டுக்கு வேறு சான்றே வேண்டாம். வேறு ஏதாவது எழுதியிருந்தால் சலுகையாகக் கொடுத்தோம் என்று வாதிடலாம். அதைப் பார்த்துவிட்டு அதே பதிவுக்குக் கீழே இதைச் சேருங்கள்:

“ஏப்ரல் 9இல் ரூ.10,000 வரவு வந்தது. நன்றி. ரிசர்வ் வங்கியின் 20.9.2019 சுற்றறிக்கைப்படி மார்ச் 9 முதலான தாமதத்துக்கு நாளுக்கு ரூ.100 இன்னும் வரவில்லை. எப்போது வரும் என எழுத்தில் தெரிவிக்கவும்.”

நடுநிசி_வாசகி
நீக்குவதைப் பற்றி எனக்கு வேறு கருத்து. பணம் வந்த பிறகும் ‘பணம் வரவில்லை’ என்ற பதிவு தனியாகப் பரவிக்கொண்டிருந்தால் அது இன்றைய உண்மை இல்லை. கீழே சேர்த்ததை எல்லோரும் படிப்பதில்லை. இழப்பீடும் வந்துவிட்டால் நான் நீக்கிவிடுவேன்.

துறைமுகம்
நான் நீக்க மாட்டேன். நாளை இதே மாதிரி மாட்டிக்கொள்பவர் தேடினால் எந்தத் தேதியில் என்ன நடந்தது என்று அவருக்குக் கிடைக்கட்டும். முடிந்த தேதியும் கூடவே இருந்தால் வங்கிக்கும் அநியாயம் இல்லை.

பழனிமலை_செல்வி
பாஸ்புக் பதிந்து வந்தேன். ‘ஏ.டி.எம். ரிவர்சல் 03/03’ என்று இருக்கிறது. சார் சொன்னதை அப்படியே கீழே போட்டுவிட்டேன், கிளைக்கும் கடிதம் அனுப்பியாயிற்று. இழப்பீடு வரும் வரை முதல் பதிவை நீக்கப் போவதில்லை, அதன்பிறகு என்ன என்று அப்பாவிடம் கேட்டுத்தான் முடிவு. பணம் அவருடையது.

கோவை_ரகு
தனி இழை தொடங்கிவிட்டேன் சார். எதிர் வங்கிக்குக் கேட்டு எழுதியாச்சு என்கிறார்கள். அங்கே கொஞ்சம் வந்து பாருங்கள்.